சிஎன்சி லேத் ஆபரேட்டர் தேவை, கோவை கணபதி: வேலைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

என்ன வேலைங்க, எத்தனை பேர் வேணும்?

சிஎன்சி லேத் ஓட்ட இரண்டு ஆபரேட்டர்கள் வேண்டும், ஷிப்ட்டுக்கு ஒருவர். எங்களுடையது 14 பேர் வேலை பார்க்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட். ஐந்து சிஎன்சி லேத், ஒரு பழைய லேத், இரண்டு டிரில்லிங் மெஷின் இருக்கின்றன. பம்ப் கம்பெனிகளுக்குப் போகும் புஷ், ஸ்லீவ், சின்ன ஷாஃப்ட் ஆகியவைதான் பெரும்பாலும் ஓடும். ஐந்து லேத்திலும் கன்ட்ரோல் ஃபானக், சக் 200 மி.மீ. ஹைட்ராலிக், டர்ரெட்டில் எட்டு டூல்.

புரோகிராம் எழுதவும் புது ஜாப் செட் பண்ணவும் முதல் ஷிப்ட்டில் ஒரு செட்டர் இருக்கிறார். ஆபரேட்டர் ஜாப் மாட்டி, ஓட்டி, அளந்து, சைஸைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். எங்களிடம் வேலையை விட்டுப் போனவர்களில் பாதிப் பேர் இந்த "பிடித்து வைத்திருப்பது" சலித்துத்தான் போனார்கள். அதனால் அது என்ன என்று கீழே விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

ஐடிஐ டர்னர் முடிச்சிருக்கேன், சிஎன்சி தொட்டதே இல்லை. வரலாமுங்களா?

வரலாம். டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் மூன்றில் எது முடித்திருந்தாலும் சரி. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர்களும் வரலாம், ஆனால் வேலை டேபிளில் அல்ல, மெஷின் முன்னால்தான். முதல் ஆறு மாதம் டிரெய்னி. முதல் இரண்டு வாரம் மெஷின் பட்டனைத் தொட வேண்டியதில்லை. மற்ற ஆபரேட்டர் ஓட்டும் ஜாப்பை நீங்கள் அளந்து தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான். மைக்ரோமீட்டரில் ஒரே ஜாப்பை ஐந்து முறை அளந்தால் ஐந்து முறையும் 3 மைக்ரானுக்குள், அதாவது 0.003 மி.மீ.-க்குள் வர வேண்டும். அது கைக்கு வந்தபிறகு ஜாப் மாட்டி எடுப்பது, பிறகு டூல் முனையில் இருக்கும் இன்சர்ட்டை மாற்றுவது, இரண்டாம் மாத முடிவில் சைஸைத் திருத்த ஸ்கிரீனில் எண் அடிப்பது, அதாவது ஆஃப்செட் கொடுப்பது என்று போகும்.

பழைய லேத்துல பத்து வருஷம் ஓட்டியிருக்கேன், படிப்பு பத்தாவதுதான். எடுத்துக்குவீங்களா?

தாராளமாக. சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று கண்டுபிடிக்கும் காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். அதை நாங்கள் சொல்லிக் கொடுக்க முடியாது. மாற்றிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அங்கே "ஒரு நூல் விடு", "அரை நூல் எடு" என்று பேசியிருப்பீர்கள். ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம், மூன்று மில்லிமீட்டருக்கு மேலே. இங்கே பேச்சு மைக்ரானில். சுற்றிக்கொண்டிருக்கும் ஜாப்பில் எமரி பேப்பரைக் கையால் பிடித்து சைஸ் தட்டும் பழக்கத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பேப்பர் சுற்றினால் விரலும் கூடவே போகும்.

வேலைக்கு வந்தா ஒரு நாள் எப்படிப் போகுமுங்க?

மெஷினை ஆன் செய்ததும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: லூப்ரிகேஷன் ஆயில் மட்டம், ஹைட்ராலிக் பிரஷர், கூலன்ட் தொட்டி. கூலன்ட் 5 சதவீதம், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 லிட்டர் ஆயில். தண்ணீரில் ஆயிலை ஊற்ற வேண்டும். மாற்றி ஆயிலில் தண்ணீரை ஊற்றினால் தயிர் மாதிரி திரண்டுவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கக் கற்றுத் தருவோம். திங்கட்கிழமை காலையில் தொட்டி அழுகின முட்டை மாதிரி நாறினால் செட்டரிடம் சொல்லுங்கள். அதில் கிருமி பெருகியிருக்கிறது, கையில் அரிப்பு வரும்.

பிறகு ஜாப் இல்லாமல் இருபது நிமிடம் ஸ்பிண்டிலையும் ஆக்சிஸையும் ஓடவிட வேண்டும். குளிர்ந்த மெஷினில் உடனே ஜாப் போட்டால் முதல் பீஸ் சரியாக வரும். மெஷின் சூடேறச் சூடேற சைஸ் பத்துப் பதினைந்து மைக்ரான் நகர்ந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போதும் இதே கதைதான். ஆகவே எப்போது நிறுத்தித் தொடங்கினாலும் முதல் பீஸை முழுதாக அளக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

அதன்பின் ஜாப் மாட்டுவது, ஓடுவது, எடுப்பது, பிசிர் தட்டுவது. முக்கிய சைஸ்களைப் பத்து பீஸுக்கு ஒருமுறை அளந்து தாளில் எழுத வேண்டும். கடைசிப் பதினைந்து நிமிடம் மெஷினைத் துடைத்து, அடுத்த ஷிப்ட்டுக்கு எந்த இன்சர்ட் எத்தனை பீஸ் ஓடியிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பலாம்.

ஆஃப்செட்டை ஆபரேட்டரே மாத்தலாமா, செட்டரைக் கூப்பிடணுமா?

டிரெய்னிங் முடிந்தபிறகு 0.030 மி.மீ. வரை நீங்களே கொடுக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் சைஸைத் தாண்டி வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். செட்டரைக் கூப்பிடுங்கள்.

அடிக்கடி ஓடும் ஒரு ஜாப்பை வைத்தே சொல்கிறோம். இஎன்8 ஸ்டீல் புஷ், வெளி விட்டம் 32 மி.மீ. டிராயிங்கில் மேல் எல்லை 32.000, கீழ் எல்லை 31.975. நாம் குறி வைக்க வேண்டியது நடுவில், 31.988 வாக்கில். ஃபினிஷிங் இன்சர்ட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டிய முதல் பீஸ் 32.012 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.024 குறைய வேண்டும். ஸ்கிரீனில் `OFFSET` போய், `WEAR` பக்கத்தில், அந்த டூலின் X கட்டத்தில் ஏற்கெனவே −0.030 இருக்கிறது. இங்கே `-0.024` அடித்து `+INPUT` அழுத்த வேண்டும். கட்டத்தில் −0.054 வரும், அடுத்த பீஸ் 31.988 வரும்.

`+INPUT` அழுத்துவதற்குப் பதில் வெறும் `INPUT` அழுத்தினால் பழைய −0.030 அழிந்து −0.024 மட்டும் நிற்கும். சைஸ் குறைவதற்குப் பதில் 6 மைக்ரான் கூடி 32.018 ஆகும். "கொடுத்தேனே, ஏன் இறங்கவில்லை" என்று இன்னொரு முறை கொடுப்பார்கள், அங்கிருந்துதான் குழப்பம் ஆரம்பிக்கும். புள்ளிக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் விட்டுப் போய் `-0.24` அடித்துவிட்டால் அடுத்த பீஸ் நேராகப் பழைய இரும்புக்குப் போகும். ஆகவே அடித்தபிறகு, ஸ்டார்ட் அழுத்தும் முன், கட்டத்தில் வந்திருக்கும் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் தப்பு காதில்தான் முதலில் விழும்.

அந்த 32.012 பீஸை மறுபடி மாட்டி ஓட்டிவிடலாமே என்று தோன்றும். விட்டத்தில் 24 மைக்ரான் என்றால் டூல் உள்ளே போக வேண்டிய ஆழம் 12 மைக்ரான்தான். இன்சர்ட்டின் வெட்டும் விளிம்பே அவ்வளவு கூர்மை கிடையாது, வெட்டாமல் தேய்த்துக்கொண்டே போகும். சில பீஸ் இறங்கும், சில இறங்காது. இதற்காகத்தான் வெளி விட்டத்துக்கு இன்சர்ட் மாற்றியதும் `WEAR`-ல் வேண்டுமென்றே 0.2 கூட்டி வைத்து ஒரு தடவை ஓட்டி, அளந்து, பிறகு சரியான அளவு குறைத்து அதே பீஸை மறுபடி ஓட்டச் சொல்கிறோம். டூலுக்கு வெட்ட ஏதாவது இருக்க வேண்டும். போருக்கு இது தலைகீழ்: அங்கே 0.2 குறைத்து வைக்க வேண்டும்.

ரிஜெக்ஷன் ஆனா சம்பளத்துல பிடிப்பீங்களா?

பிடிக்க மாட்டோம். சிவப்புப் பெட்டியில் போட்டு, எத்தனை மணிக்கு, எந்தச் சைஸ், எவ்வளவு என்று எழுதினால் போதும். நாங்கள் பொறுக்காதது ஒன்றே ஒன்று: கெட்ட பீஸை நல்ல பீஸோடு கலந்துவிடுவது. இருபது பீஸ் இங்கேயே கெட்டால் அது இருபது பீஸோடு முடியும். கலந்து போனால் கம்பெனி மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பும், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளந்து பிரிக்க இரண்டு நாள் ஆகும்.

சைஸ் மாறினால் உடனே ஆஃப்செட்டுக்குக் கை போகக் கூடாது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வோம். தாளில் எழுதிய எண்களைப் பாருங்கள். 31.984, 31.989, 31.995 என்று மெதுவாக ஏறினால் டூல் தேய்கிறது. தேயும் டூல் வெளி விட்டத்தைக் கூட்டும், போரைக் குறைக்கும். இதற்கு ஆஃப்செட் சரியான மருந்து. ஒரே பீஸில் 30, 40 மைக்ரான் குதித்தால் இன்சர்ட் மூக்கு உடைந்திருக்கலாம், இல்லை இன்சர்ட் உட்காரும் இடத்தில் துகள் மாட்டியிருக்கலாம். நிறுத்தி, கழற்றி, துடைத்துப் பாருங்கள். உடைந்த இன்சர்ட்டுக்கு ஆஃப்செட் கொடுத்தால் இரண்டு பீஸுக்குச் சரியாக வரும், மூன்றாவதில் போய்விடும். மேலும் கீழுமாக ஆடினால் சக் ஜாவில் டர்னிங் துண்டு சிக்கி ஜாப் கோணலாக உட்காருகிறது, அல்லது உங்கள் அளவெடுப்பே ஆடுகிறது.

அளவெடுப்பில் பலருக்கும் தெரியாமல் போவது சூடு. கூலன்ட் குறைந்து ஜாப் கையில் சுடச்சுட வந்தால், அறையின் சூட்டைவிட 25 டிகிரி கூட இருக்கிறது என்று வையுங்கள். 32 மி.மீ. ஸ்டீல் அதில் 9 மைக்ரான் விரிந்திருக்கும். நமக்கு இருக்கும் இடமே 25 மைக்ரான்தான், அதில் மூன்றில் ஒரு பங்கை வெறும் சூடே தின்றுவிடும். நீங்கள் குறைப்பீர்கள், ஆறியபிறகு பீஸ் கீழ் எல்லைக்கு அடியில் நிற்கும். கூலன்ட்டில் முக்கி, துடைத்து, ஆறவிட்டு அளக்க வேண்டும்.

மெல்லிய ஸ்லீவில் இன்னொரு விசித்திரம் வரும். போர் 52 மி.மீ., வெளி விட்டம் 60, சுவர் 4 மி.மீ.தான். போர் டயலில் எந்தப் பக்கம் அளந்தாலும் சைஸ் சரி. ஆனால் பிளக் கேஜின் கோ பக்கம் உள்ளே போகாது. கேஜ் தேய்ந்துவிட்டதா, டயல் கெட்டுவிட்டதா என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று ஜாவும் சுவரை மூன்று இடத்தில் உள்ளே அமுக்கியிருக்கும்போது வட்டமாக போர் அடித்தோம், சக்கைத் திறந்ததும் அந்த மூன்று இடமும் வெளியே விரிந்து போர் மூலை மழுங்கிய முக்கோணம் மாதிரி ஆகிவிட்டது. போர் டயல் இரண்டு புள்ளியைத்தான் தொடும். இந்த வடிவத்தில் ஒரு பக்கம் விரிந்தால் நேர் எதிர்ப்பக்கம் சுருங்கும், கூட்டிப் பார்த்தால் விட்டம் எங்கும் ஒன்றாகவே காட்டும். முழு வட்டமான பிளக் கேஜுக்குத்தான் உண்மை தெரியும். இதற்கு ஆஃப்செட் கொடுத்தால் போர் பெரிதாகி டயலில் மேல் எல்லையைத் தாண்டிவிடலாம். சக் பிரஷரைக் குறைத்து, ஜாப்பின் விட்டத்துக்கே போர் அடித்த சாஃப்ட் ஜா போட வேண்டும். பிரஷரைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தாக வேண்டும், ஏனென்றால் வேகமாகச் சுற்றும்போது ஜாக்கள் வெளிப்பக்கம் இழுக்கப்பட்டுப் பிடி தளரும். இதைச் செட்டர் செய்வார். "கேஜ் போகலை, ஆனா டயல் சரியா இருக்கு" என்று அவரிடம் சொல்வது உங்கள் வேலை.

இன்டர்வியூல என்ன கேப்பீங்க? இங்கிலீஷ் பேசணுமா?

தேவையில்லை. டிராயிங்கில் இருக்கும் எண்ணும் குறியும் புரிந்தால் போதும். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் ஒரு புஷ்ஷும் 25–50 மைக்ரோமீட்டரும் கொடுப்போம். அளப்பதற்கு முன் கூட இருக்கும் 25 மி.மீ. ஸ்டாண்டர்டை வைத்து ஜீரோ பார்க்கிறீர்களா என்றுதான் முதலில் கவனிப்போம். அந்த மைக்ரோமீட்டரில் வேண்டுமென்றே ஜீரோ தள்ளி வைத்திருப்போம் (இதை இங்கே சொல்லிவிட்டோம், பரவாயில்லை, பார்க்காமல் அளப்பவர்கள் இன்னும் வருகிறார்கள்).

அடுத்து இந்த மாதிரி ஒரு சின்னப் புரோகிராம் காட்டுவோம்:

```
T0303
G50 S2000
G96 S180 M03
G00 X32.0 Z2.0 M08
G01 Z-40.0 F0.15
G01 X36.0
G28 U0 W0
M30
```

அனுபவம் உள்ளவரிடம் இரண்டு கேள்வி கேட்போம். `T0303`-ல் முன்னால் இருக்கும் 03 எதைக் குறிக்கிறது, பின்னால் இருக்கும் 03 எதை? முன்னது டர்ரெட்டில் டூல் எண், பின்னது ஆஃப்செட் எண். இது தெரிந்தால்தான் எந்த வரிசையில் சைஸ் கொடுப்பது என்று தெரியும். `G50` வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? `G96` வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு 180 மீட்டரிலேயே வைக்கப் பார்க்கும். 32 மி.மீ. விட்டத்தில் அது சுமார் 1,790 சுற்று. இதே வேகத்தில் ஃபேசிங் அடித்து டூல் நடுவை நெருங்கினால், 10 மி.மீ. விட்டத்துக்கே 5,700 சுற்றுக்கு மேல் கேட்கும், மெஷின் தன்னால் முடிந்த உச்சம் வரை போகும். ஸ்பிண்டிலுக்குப் பின்னால் நீண்ட ராடு நீட்டிக்கொண்டிருந்தால் வளைந்து சாட்டை மாதிரி அடிக்கும். `G50 S2000` அதை 2,000-க்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்தும் கயிறு.

புதியவர்களுக்குப் புரோகிராம் கேள்வி கிடையாது. வெர்னியரில் மூன்று அளவு, டிராயிங்கில் மேல் எல்லை கீழ் எல்லை கண்டுபிடிப்பது, அவ்வளவுதான்.

ஒரு ஆளுக்கு எத்தனை மெஷின்? டார்கெட் உண்டுங்களா?

முதல் மூன்று மாதம் ஒரே மெஷின். பிறகு சைக்கிள் டைம் நீளமான ஜாப்பாக இருந்தால் மட்டும் பக்கத்து மெஷினும் சேரும், அப்போது மாதம் 1,500 ரூபாய் கூடுதல்.

டார்கெட் உண்டு, அதன் கணக்கு மெஷினிலேயே ஒட்டியிருக்கும். அந்த 32 மி.மீ. புஷ்ஷுக்கு வெட்டும் நேரம் 130 நொடி, மாட்டி எடுக்க 20 நொடி, ஆக மணிக்கு 24. எட்டு மணி நேரத்தில் சூடேற்றி முதல் பீஸ் பார்க்க 25 நிமிடம், இரண்டு டீ 20 நிமிடம், துடைக்க 15 நிமிடம் போனால் மிச்சம் ஏழு மணி நேரம், 168 பீஸ். நாங்கள் கேட்பது 160. கரன்ட் போனாலோ இன்சர்ட் உடைந்தாலோ அந்த நேரத்தைத் தாளில் எழுதுங்கள், கழித்துக்கொள்வோம். 160-க்கு மேல் ஓட்டுவதற்குத் தனிப் பணம் கொடுப்பதில்லை. கொடுத்தால் பத்து பீஸுக்கு ஒருமுறை அளப்பது முப்பது பீஸுக்கு ஒருமுறை ஆகிவிடும்.

சம்பளம் கையில எவ்வளவு வருமுங்க?

டிரெய்னிக்கு 14,500. இரண்டு வருட அனுபவம் இருந்தால் 18,000. தானே ஜாப் செட் பண்ணத் தெரிந்தவருக்கு 22,000. எல்லாமே பிடித்தத்துக்கு முந்தைய தொகை.

18,000 வாங்குபவருக்கு பேசிக்கும் டிஏவும் சேர்த்து 14,000. அதில் பிஎஃப் 12 சதவீதம், 1,680. இஎஸ்ஐ முழுச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135. கையில் 16,185, ஏழாம் தேதி பேங்க்கில் ஏறும். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் ஓவர்டைம் இரட்டைச் சம்பளம். 18,000-ஐ 26 நாளால் வகுத்து, எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 86.50 ரூபாய் வாக்கில் வரும், ஓவர்டைமுக்கு 173. யாரையும் கட்டாயப்படுத்தி நிறுத்துவதில்லை. முடியாது என்றால் அன்று மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

பிஎஃப், இஎஸ்ஐ முதல் மாசத்துல இருந்தே உண்டா?

முதல் நாளிலிருந்தே, டிரெய்னிக்கும் சேர்த்து. பத்துப் பேர் வேலை பார்த்தாலே இஎஸ்ஐ கட்டாயம். பிஎஃப் 20 பேர் இருந்தால்தான் கட்டாயம், ஆனாலும் நாங்களாகப் பதிந்து கட்டிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் கட்டும் பங்கு உங்கள் சம்பளத்திலிருந்து போகாது. பழைய வேலையில் யுஏஎன் எண் இருந்தால் அதையே கொடுங்கள். புதிதாக ஒன்று எடுத்தால் பழைய பணத்தைச் சேர்க்க அலைய வேண்டிவரும்.

இஎஸ்ஐ கார்டில் உங்கள் குடும்பத்தாரையும் சேர்க்கலாம், சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். இஎஸ்ஐ வரம்பு 21,000 என்பதால் 22,000 சம்பளக்காரருக்கு அது வராது. அவருக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுக்கிறோம்.

ஷிப்ட் எப்படி? ரூம் கிடைக்குமா?

காலை 7 முதல் 3.30, மாலை 3.30 முதல் இரவு 12. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. வாரத்துக்கு ஒருமுறை மாறும், ஞாயிறு லீவு. இரவு 12 மணிக்கு முடிப்பவர்களுக்கு காந்திபுரம் வரை வண்டி உண்டு. ரூம் எங்களிடம் இல்லை. வெளியூர்க்காரர்கள் கணபதியிலும் சரவணம்பட்டியிலும் மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். கேட்டால் அவர்களோடு பேச வைக்கிறோம். முதல் மாதம் அட்வான்ஸ் வேண்டுமென்றால் 5,000 தருவோம், ஐந்து மாதத்தில் கழியும்.

பொண்ணுங்க விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், சம்பளம் ஒன்றேதான். இரவு ஷிப்ட் உங்களுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும், அப்போது வீட்டு வாசல் வரை வண்டி. ஜாப் எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள். ஷாஃப்ட் 4 கிலோ வரை வரும். உடை மாற்றத் தனி அறையும் கழிப்பறையும் இருக்கின்றன.

கையுறை, ஷூ எல்லாம் கொடுப்பீங்களா?

சேஃப்டி ஷூவும் இரண்டு ஜோடி உடுப்பும் வருடத்துக்கு ஒருமுறை, கண்ணாடி கேட்கும்போதெல்லாம். கையுறை டர்னிங்கை அள்ளவும் பாக்ஸ் தூக்கவும் மட்டும். மெஷின் சுற்றும்போது கையுறை போடக் கூடாது. வெறும் விரல் பட்டால் கிழியும், கையுறை பட்டால் கையையே இழுத்துக்கொள்ளும். சக்கில் சுற்றிய டர்னிங் சுருளை ஸ்பிண்டில் நின்றபிறகு கொக்கியால்தான் எடுக்க வேண்டும். ஏர் கன்னை உடம்பில் இருக்கும் தூசிக்கு அடிக்கக் கூடாது. மோதிரம், கயிறு, தொங்கும் ஐடி கார்டு எல்லாம் லாக்கரில். டோர் சுவிட்சைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்து ஓட்டுவதைப் பார்த்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவோம். ரிஜெக்ஷனுக்கு அனுப்ப மாட்டோம், இதற்கு அனுப்புவோம்.

டெபாசிட், ஒரிஜினல் சர்டிபிகேட் கேப்பீங்களா?

இரண்டும் இல்லை. ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், ஜெராக்ஸ் போதும். இந்த வேலைக்கு எந்த ஏஜென்ட்டும் கிடையாது. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எப்படி விண்ணப்பிக்கணும்?

பயோடேட்டா தேவையில்லை. இந்த அறிவிப்போடு வந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு இந்த மாதிரி நாலு வரி தமிழிலேயே அனுப்புங்கள்: "ஐடிஐ டர்னர், மூணு வருஷம் அனுபவம். ஃபானக் கன்ட்ரோல், 8 இன்ச் சக். வால்வ் பாகங்கள் ஓட்டினேன், 20 மைக்ரான் வரை சைஸ் பிடிச்சிருக்கேன். செட்டிங் பாதி தெரியும். இப்போ இருக்கிறது அன்னூர், 15 நாள்ல சேரலாம்." தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். "எல்லா மெஷினும் தெரியும்" என்று வரும் மெசேஜுக்கு நாங்கள் கடைசியில்தான் பதில் போடுகிறோம்.

இரண்டு வேலை நாளுக்குள் பதில் வரும். நேரில் பார்ப்பது திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் 12. தேர்வானால் ஒரு நாள் ட்ரையல், அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு. ஆதார், சர்டிபிகேட் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், இரண்டு போட்டோ கொண்டுவாருங்கள். இன்டர்வியூவுக்கு வரும்போதே கால் மூடிய ஷூ போட்டு வாருங்கள், செருப்போடு வந்தால் மெஷின் பக்கம் விட முடியாது.